பாடத்தின் நடுவே கேட்கும் கேள்விகள்: அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

குறுவள மையக் கூட்டங்களிலும் ஆசிரியர் அறையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளைப் பெரும்பாலும் மாற்றவில்லை. ஒரே கதையாகப் போகட்டும் என்பதற்காக உதாரணங்களை முடிந்தவரை தசம எண்கள் பாடத்திலிருந்தே எடுத்திருக்கிறேன்.

நடத்தும்போது கேட்கிற கேள்வியும் பரீட்சைக் கேள்விதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பரீட்சைக் கேள்வி பிள்ளையைப் பற்றி ஒரு முடிவு சொல்ல வேண்டும். பாடத்தின் நடுவே கேட்கிற கேள்வி, ஆசிரியர் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். எந்தப் பதில் வந்தாலும் நீங்கள் செய்யப்போவது மாறாது என்றால், அந்தக் கேள்வியை அந்த இடத்தில் கேட்க வேண்டியதே இல்லை.

இதனால் கேள்வி எழுதும் விதமே மாறிவிடுகிறது. பரீட்சையில் தவறான விடை என்பது வெறும் பூஜ்ஜியம். இங்கே தவறான விடைதான் சரக்கு. மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகத் தவறு செய்தால், அந்த மூன்றும் தனித்தனியாகத் தெரியும்படி கேள்வி இருக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா போதாதா? எல்லாரும் தலையாட்டுறாங்களே.

தலையாட்டுவது மரியாதை. தவறாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்குத் தான் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது தெரியாது. அது முழு நம்பிக்கையோடு தலையாட்டும். 0.348 என்பது 0.65-ஐ விடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. 348 என்பது 65-ஐ விடப் பெரியது என்று அது சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டது.

கைதூக்கியவரிடம் கேட்பதிலும் இதே சிக்கல்தான். தெரிந்த நாலு பேர்தான் தூக்குவார்கள். அவர்களின் பதிலைக் கேட்டு, வகுப்பே புரிந்துகொண்டது என்று நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

பாடத்துல எந்த இடத்துல நிறுத்திக் கேட்கணும்? பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வைச்சுக்கலாமா?

கடிகாரத்தைப் பார்த்து வைக்க வேண்டாம். இந்தக் கருத்து பிடிபடாவிட்டால் இதற்கு மேல் நடத்துவது வீண் என்று ஒரு இடம் ஒவ்வொரு பாடத்திலும் இருக்கும். அங்கே நிறுத்துங்கள். டிலன் வில்லியம் என்ற கல்வியாளர் இதைக் கீல் கேள்வி என்பார். கதவு எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கீல் தீர்மானிப்பது போல, பாடம் அதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்தக் கேள்வி தீர்மானிக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்லிவிட வேண்டும், அரை நிமிடத்துக்குள் நீங்கள் அதைப் படித்துவிட வேண்டும் என்பது அவர் வைக்கும் அளவு.

தசம எண்களில் அந்த இடம் இடமதிப்பு. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று கட்டம் போட்டு விளக்கிய பிறகு, கூட்டல் கழித்தலுக்குப் போகும் முன் ஒரு நிறுத்தம். அங்கே தேறாத பிள்ளை 3.5 + 2 என்பதை 3.7 என்று எழுதும். நீங்கள் அதைக் கூட்டல் தவறு என்று நினைத்துக் கூட்டலையே மறுபடி நடத்துவீர்கள்.

ஒரு பாடவேளைக்கு இப்படி ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. ஆறு கேட்டால் ஆறுக்கும் பதில் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்காது.

தப்பான ஆப்ஷனை எங்கேயிருந்து எடுக்கிறது? ஒண்ணு தோணுது, மிச்சத்துக்குச் சும்மா ஏதாவது நம்பர் போட்டுடறேன்.

சும்மா போட்ட எண்ணை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். தேர்ந்தெடுத்தாலும் அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மேசையில் உட்கார்ந்து யோசித்தால் நமக்குத் தோன்றுவது பெரியவர்களின் தவறுகள்தான். பிள்ளைகளின் தவறுகள் நோட்டில் இருக்கின்றன.

வழி எளிது. ஆப்ஷன் எதுவும் கொடுக்காமல் ஒரு பிரிவுக்கு இப்படிக் கேளுங்கள்: "0.65, 0.4, 0.348 ஆகியவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு வரி எழுது." நோட்டுகளை வாங்கி, சரி தவறு போடாமல், ஒரே மாதிரி விடைகளை ஒரே அடுக்காக வையுங்கள். சரியான விடை ஓர் அடுக்கு. 0.4, 0.65, 0.348 என்று எழுதியவர்கள் ஓர் அடுக்கு. 0.348, 0.65, 0.4 என்று தலைகீழாக எழுதியவர்கள் இன்னோர் அடுக்கு. மற்றதெல்லாம் உதிரி.

இந்த இரண்டு தவறான அடுக்குகளும் நம் ஊரில் மட்டும் வருபவை அல்ல. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி இருவரும் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் தசம ஒப்பீட்டைச் சோதித்துப் பார்த்து, நீளமானது பெரியது, குட்டையானது பெரியது என்ற இரண்டு பெரும் போக்குகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் வகைப் பிள்ளை புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கிறது. நாமும் "பூஜ்ஜியம் புள்ளி அறுபத்தைந்து" என்று படித்துக் காட்டி அதற்குத் துணை போகிறோம். "புள்ளி ஆறு ஐந்து" என்று படித்தால் கொஞ்சம் பரவாயில்லை. புத்தகத்தில் பயிற்சி 1.9-க்குப் பிறகு 1.10 வருவதும், கிரிக்கெட்டில் 4.5 ஓவருக்குப் பிறகு ஒரு பந்து போட்டால் 5 ஓவர் ஆகிவிடுவதும் அந்தப் பிள்ளை தினமும் பார்க்கிற புள்ளிகள். அங்கெல்லாம் புள்ளி வெறும் பிரிகோடு.

இரண்டாம் வகைப் பிள்ளை கொஞ்சம் பாடம் கேட்ட பிள்ளை. ஆயிரத்தில் ஒன்று மிகச் சின்னது, அதனால் ஆயிரத்தில் முடிகிற எண்ணும் சின்னதாகத்தான் இருக்கும் என்று அது முடிவுகட்டுகிறது. சில பிள்ளைகள் 0.4-ஐ நாலில் ஒன்று போலவும் 0.65-ஐ அறுபத்தைந்தில் ஒன்று போலவும் பார்ப்பார்கள். காரணம் வேறு, விடை அதே. ஆக, ஓர் அடுக்குக்கு ஓர் ஆப்ஷன். அடுக்கு இல்லாத ஆப்ஷன் வேண்டாம்.

கேள்விக்குச் சரியா பதில் சொன்ன பிள்ளையே அடுத்த கணக்குல தப்பு பண்ணுது. கேள்வியில என்ன கோளாறு?

இந்தத் தொகுப்பிலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். தவறான யோசனையும் சரியான விடையில் கொண்டுபோய் விடுகிற மாதிரி உங்கள் எண்கள் அமைந்திருக்கலாம். இந்தக் கேள்வியைப் பாருங்கள்.

எது மிகப் பெரியது?
அ) 0.348
ஆ) 0.7
இ) 0.65

சரியான விடை 0.7. நீளமானது பெரியது என்று நினைக்கிற பிள்ளை 0.348-க்குப் போகும், மாட்டிக்கொள்ளும். ஆனால் குட்டையானது பெரியது என்று நினைக்கிற பிள்ளை? 0.7-ஐத்தான் சொல்லும். அதன் கணக்கில் அதுதான் குட்டை. நீங்கள் "சபாஷ்" சொல்லி அந்தத் தவறான யோசனைக்கு முத்திரையும் குத்தி அனுப்புகிறீர்கள். 0.65-ஐயோ அநேகமாக யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். அது சும்மா நிற்கிறது.

இப்போது ஒரே ஓர் எண்ணை மாற்றுவோம். 0.7-க்குப் பதில் 0.4.

எது மிகப் பெரியது?
அ) 0.4
ஆ) 0.65
இ) 0.348

சரியான விடை 0.65. அது நீளத்தில் நடுவில் இருக்கிறது. குட்டைதான் பெரியது என்பவர் அ சொல்வார், நீளம்தான் பெரியது என்பவர் இ சொல்வார், இடமதிப்பு பிடிபட்டவர் ஆ சொல்வார். மூன்று யோசனைக்கு மூன்று வாசல். சும்மா நிற்கும் ஆப்ஷன் எதுவும் இல்லை.

எந்தக் கேள்வியையும் வகுப்புக்குக் கொண்டு போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு தவறான யோசனையையும் ஒரு பிள்ளையாக நினைத்து, அந்தப் பிள்ளையாகவே கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யாராவது ஒருவர் சரியான விடையில் போய் உட்கார்ந்தால் எண்ணையோ சொல்லையோ மாற்ற வேண்டும். மூன்று நிமிட வேலை. எத்தனையோ வினாத்தாள்கள் இந்தச் சோதனையில் தேறாது, அச்சான புத்தகங்களில் உள்ளவையும் சேர்த்துத்தான்.

அப்போ அந்தத் திருத்தின கேள்வி எல்லாத்தையும் பிடிச்சிடுமா?

பிடிக்காது. இன்னொரு வகைப் பிள்ளை இருக்கிறது. அதற்குத் தசமம் என்றால் ரூபாய் பைசா. இரண்டு இலக்கத்துக்கு மேல் எதுவும் அதன் கண்ணில் படாது. 0.4 என்றால் 40 பைசா, 0.348 என்றால் 34 பைசா சொச்சம், 0.65 என்றால் 65 பைசா. இப்படிப் பார்த்தாலும் 0.65 சரியாக வந்துவிடுகிறது. இந்தப் பிள்ளையைப் பிடிக்க, முதல் இரண்டு இலக்கம் ஒன்றாக இருக்கும் எண்கள் வேண்டும்: "4.45, 4.4502 இவற்றில் எது பெரியது, அல்லது இரண்டும் சமமா?" பைசா பிள்ளை சமம் என்று சொல்லும்.

ஆனால் இந்த இரண்டாவது கேள்வியைத் தனியாகக் கேட்டால் நீளம்தான் பெரியது என்கிற பிள்ளை சரியாகச் சொல்லித் தப்பித்துவிடும். முதல் கேள்வி அதைப் பிடிக்கும்; இரண்டாவது கேள்வி பைசா பிள்ளையைப் பிடிக்கும். ஒன்றின் குருட்டுப் பக்கத்தை மற்றது பார்க்கிறது. ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்தால் கேள்வி கனத்துப்போகும். நாளை அடுத்தது கேட்டுக்கொள்ளலாம்.

மூணு ஆப்ஷன் மட்டும் போட்டிருக்கீங்களே, நாலு இருக்கணும்னுதானே சொல்லுவாங்க?

நாலு என்பது தேர்வுத்தாள் பழக்கம். மைக்கேல் ராட்ரிகஸ் என்பவர் 80 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையில், பெரும்பாலான வினாக்களுக்கு மூன்று ஆப்ஷனே பொருத்தம் என்று முடிவு சொல்லியிருக்கிறார். நான்காவதாக ஒன்றைத் தேடும்போது யாரும் சீண்டாத ஒன்றைத்தான் கண்டுபிடிக்கிறோம். எண்ணிக்கைக்காகச் சேர்த்த ஆப்ஷன், பிள்ளையின் படிக்கும் நேரத்தைத் தின்பதோடு சரி.

தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்றால் அந்தத் தாள் நாலு ஆப்ஷனில்தான் வரும், பழக்கத்துக்கு நாலு வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு வேலை. பாடத்தின் நடுவே, நோட்டில் இரண்டு அடுக்கு கிடைத்தால் மூன்று ஆப்ஷன், ஓர் அடுக்குதான் கிடைத்தது என்றால் இரண்டே ஆப்ஷன்கூடப் போதும். 3.5 + 2 என்ற கணக்குக்கு 5.5, 3.7 என்ற இரண்டைத் தவிர மூன்றாவது ஒன்றை நான் இழுத்து வரமாட்டேன்.

"மேற்கண்ட அனைத்தும்", "எதுவுமில்லை" போடலாமா?

வேண்டாம். அனைத்தும் என்பதில், இரண்டு சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் விடை சொல்லிவிடலாம். எதுவுமில்லை என்று தேர்ந்தெடுத்த பிள்ளை மனதில் என்ன விடை வைத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தவறான ஆப்ஷன் நமக்குச் செய்தி சொல்ல வேண்டும். இந்த இரண்டும் வாயைத் திறக்காது.

பாடமே கவனிக்காத பையன் சரியா டிக் பண்றான். எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ?

கேள்வியே காட்டிக் கொடுக்கிறது. மிகச் சாதாரணமான துப்பு நீளம். சரியான விடையைத் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்ற கவலையில் அதற்கு மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சேர்த்துவிடுவோம். "0.3-க்கும் 0.4-க்கும் இடையில் எத்தனை தசம எண்கள் உண்டு?" என்பது நல்ல கேள்வி. ஒன்றுமில்லை என்பவர் உண்டு, 0.31 முதல் 0.39 வரை எண்ணி 9 என்பவர் உண்டு. ஆனால் ஆப்ஷன்களை "0", "9", "எண்ணி முடிக்க முடியாத அளவுக்கு ஏராளமான எண்கள்" என்று எழுதினால் கதை முடிந்தது. "ஒன்றுமில்லை", "ஒன்பது", "எண்ணற்றவை" என்று எழுதுங்கள்.

தமிழில் இன்னொரு துப்பு உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கோடிட்ட இடத்துக்கு அடுத்து ஒற்று மிகுந்து நின்றால் அதுவே விடையைச் சொல்லிவிடும். "இலைகள் காற்றிலுள்ள ______க் கொண்டு உணவு தயாரிக்கின்றன" என்று கேட்டுவிட்டு, ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடை என்று கொடுத்தால், அந்தக் க் எதற்குப் பொருந்தும் என்பது வாய்விட்டுப் படித்தாலே தெரிந்துவிடும். வேற்றுமை உருபு, ஒருமை பன்மை, வினைமுற்று எல்லாமே இப்படிக் காட்டிக் கொடுக்கும். கோடிட்ட இடத்தைத் தவிர்த்து முழுக் கேள்வியாகக் கேட்டால் பாதித் தொல்லை தீரும்: "இலைகள் உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்கின்றன?"

"எப்போதும்", "ஒருபோதும்", "மட்டுமே" என்ற சொற்கள் வந்த ஆப்ஷன் பெரும்பாலும் தவறு என்பதும் பையன்களுக்குத் தெரியும். சரியான விடையை ஆ-விலேயோ இ-யிலேயோ ஒளித்து வைக்கிற நம் பழக்கமும் தெரியும். எண்களாக இருந்தால் ஏறுவரிசையில் போட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு எங்கே வருகிறதோ வரட்டும். ஆனால் எது பெரியது என்பதே கேள்வியாக இருந்தால் வரிசை விடையைச் சொல்லிவிடும், அங்கே கலைத்துப் போட வேண்டும்.

தெரிஞ்சே நம்புற மாதிரி தப்பைக் கொடுக்கிறது பிள்ளைகளை ஏமாத்துறது இல்லையா?

ஏமாற்றுக் கேள்வி வேறு. பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளை கவனக்குறைவால் விழுந்தால் அது ஏமாற்று. "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது அல்ல?" என்பது அந்த ரகம். 0.65-ஐயும் 0.56-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைக் கட்டுவதும் அதே ரகம்தான். பாடம் தெரிந்தவர் சுலபமாகத் தாண்டிப் போக வேண்டும், தெரியாதவருக்குத் தன் விடை அங்கே நியாயமாகக் காத்திருக்க வேண்டும். நம்பும்படியான தவறு என்றால் அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கேள்வியில் வேறு ஒரு நியாயமான பயம் இருக்கிறது. தவறான ஆப்ஷனைப் படித்துப் படித்து அதையே உண்மை என்று பிள்ளை நினைத்துவிடாதா? நினைக்க வாய்ப்பு உண்டு. ஹென்றி ரோடிகர், எலிசபெத் மார்ஷ் ஆகியோர் 2005-இல் செய்த ஆய்வில், பலவுள் தெரிவு வினாவில் தவறாகத் தேர்ந்தெடுத்ததையே சிலர் பிறகு விடையாகச் சொன்னார்கள். விடை எது என்று பிறகு சொல்லிவிட்டால் இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே மணி அடித்துவிட்டது என்று விடை சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எது சரி என்பதோடு, மற்றது ஏன் சரியில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நாற்பது பேர். எல்லாரும் பதில் சொல்லணும்னா பீரியடே போயிடுமே?

விரல் போதும். அ என்றால் ஒரு விரல், ஆ என்றால் இரண்டு, இ என்றால் மூன்று. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு யாரும் வாய்திறக்கக் கூடாது என்று சொல்லுங்கள். யோசிக்க நேரம் கொடுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். நம் கேள்விக்கு இருபது, முப்பது விநாடியாவது வேண்டும்.

பிறகு, விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில். கையை உயர்த்தினால் பின்பெஞ்சு முன்பெஞ்சைப் பார்த்துக் காட்டும். சிலேட்டு இருந்தால் இன்னும் நல்லது, ஆப்ஷனே இல்லாமல் விடையை எழுதிக் காட்டலாம். கைபேசிச் செயலிகள் எண்ணிக் கொடுத்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும் நேரத்தில் விரல் கேள்வி இரண்டு முடிந்துவிடும்.

பாதிப் பேர் சரி, பாதிப் பேர் தப்பு. இப்ப மேல போறதா, திரும்ப நடத்துறதா?

இரண்டும் வேண்டாம். பக்கத்தில் உள்ளவரோடு பேச விடுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களில் பரவலாக்கிய முறை இது. சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால், விடையைச் சொல்லாமல், வேறு விடை காட்டிய ஒருவரைத் தேடிப்பிடித்து இரண்டு நிமிடம் வாதாடச் சொல்வார். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. நாற்பது பேர் வகுப்பில் அது 12 முதல் 28 பேர் வரை. அதற்குக் கீழே என்றால் பேசிப் பயனில்லை, வேறு வழியில் மறுபடி நடத்த வேண்டும். அதற்கு மேலே என்றால் விளக்கிவிட்டு நகரலாம். மிச்சப் பேரை எழுத்து வேலை கொடுக்கும்போது போய்ப் பார்க்கலாம்.

மறுபடி நடத்துவது என்றால் எதை என்பதையும் அந்த விரல்களே சொல்லும். 0.4, 0.65, 0.348 கேள்வியில் பெரும்பாலோர் மூன்று விரல் காட்டினார்கள் என்றால் எல்லா எண்களையும் ஆயிரத்தில் எழுத வையுங்கள்: 0.400, 0.650, 0.348. முழு எண்ணாகப் பார்க்கிற பழக்கம் அங்கே சரியான விடைக்கே கொண்டு வந்துவிடும், ஏன் பூஜ்ஜியம் சேர்க்கலாம் என்ற கேள்வியும் தானாக எழும். பெரும்பாலோர் ஒரு விரல் காட்டினார்கள் என்றால் நூறு கட்டத் தாளை எடுங்கள். 0.4-க்கு 40 கட்டம், 0.65-க்கு 65 கட்டம் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். கட்டம் சின்னதானாலும் எத்தனை கட்டம் என்பதும் கணக்கில் வரவேண்டும் என்று அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். ஒரே கேள்வி, இரண்டு வேறு மருந்து. வெறும் சரி தவறு மட்டும் தெரிந்திருந்தால் இது முடியாது.

குருட்டாம்போக்குல சொன்னது சரியாயிட்டா?

மூன்று ஆப்ஷனில் மூன்றில் ஒருவருக்கு அப்படி வாய்க்கும். இரண்டு கேள்வி கேட்டால் ஒன்பதில் ஒருவருக்கு. மேலே சொன்ன ஜோடிக் கேள்விக்கு இது இன்னொரு காரணம். தனி ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க இந்த விரல் வாக்கெடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். வகுப்பின் போக்கைப் பார்க்க அது போதும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் காரணத்தையும் ஆப்ஷனாகக் கொடுங்கள். டேவிட் டிரகஸ்ட் 1988-இல் அறிவியல் பாடத்துக்கு முன்வைத்த இரண்டடுக்கு வினா இதுதான்: முதலில் விடை, அடுத்து அந்த விடைக்கான காரணம். நம் தேர்வுகளில் வரும் கூற்று, காரணம் வினாவோடு இதைக் குழப்ப வேண்டாம். அங்கே காரணம் சரியா என்று கேட்கிறோம். இங்கே உன் காரணம் எது என்று கேட்கிறோம்.

இதுக்கு மார்க் போட்டு வளரறி மதிப்பீட்டுல சேர்த்துக்கலாமா? எப்படியும் 40 மார்க் காட்டணுமே.

முப்பருவ முறையில் வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் இருக்கிறது. பதிவேட்டுக்குத் தேவையான சிறு தேர்வைத் தனியாக வையுங்கள். விரல் கேள்விக்கு மதிப்பெண் போட்ட அன்றே பிள்ளைகள் பக்கத்து விரலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அடுத்த நாளிலிருந்து உங்களுக்கு உண்மைத் தகவல் வராது. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் மற்றதைப் படிப்பதில்லை என்பது திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நாம் எல்லாரும் பார்ப்பதுதான்.

கணக்குக்கு இதெல்லாம் சரி. தமிழ் இலக்கணத்துக்கு எப்படி?

இலக்கணத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். "எது வினைத்தொகை? ஊறுகாய், மலர்ப்பாதம், தாய்தந்தை" என்று கேட்டால் எல்லாரும் ஊறுகாய் என்பார்கள். அது புத்தக உதாரணம், மனப்பாடம். அந்தப் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று நோட்டைப் பார்த்தால், பெயரெச்சத்தையும் வினைத்தொகை என்கிறார்கள், பண்புத்தொகையையும் வினைத்தொகை என்கிறார்கள். இரண்டு அடுக்கு. ஆகவே:

எது வினைத்தொகை?
அ) குடித்த நீர்
ஆ) நன்னீர்
இ) குடிநீர்

மூன்றும் நீரில் முடிவதால் சொல்லின் சாயலை வைத்து ஊகிக்க முடியாது. வினை வந்தாலே வினைத்தொகை என்பவர் அ-வுக்கும் போகலாம், இ-க்கும் போகலாம், அதனால் இ சொன்னவர்களில் ஒருவரை எழுப்பி "குடித்த நீர் ஏன் இல்லை?" என்று கேட்க வேண்டும். காலம் வெளிப்படையாகத் தெரிகிறதே என்று சொன்னால் பிடிபட்டுவிட்டது. இரண்டு சொல் சேர்ந்தாலே தொகை, எந்தத் தொகை என்பது பெயர் விவகாரம் என்று நினைக்கிறவர் ஆ-வில் நிற்பார். அவரிடம் நன்னீரைப் பிரித்துக் காட்டச் சொன்னால் நன்மை என்ற பண்பு வெளியே வரும்.

ஒரு ஆப்ஷனை யாருமே தொடலை. அதை அடுத்த வருஷம் எடுத்துடலாமா?

ஒரே வகுப்பை வைத்து எடுக்க வேண்டாம். உங்கள் விளக்கம் அந்தத் தவறை முன்கூட்டியே தீர்த்திருக்கலாம். இன்னொரு பிரிவில் பாருங்கள், அங்கேயும் யாரும் தொடவில்லை என்றால் எடுத்துவிடலாம். இதற்கு ஒரு சின்னப் பழக்கம் உதவும். பாடக்குறிப்பின் ஓரத்தில் கேள்வியை எழுதி, எந்த ஆப்ஷனுக்கு எத்தனை விரல் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். "அ 9, ஆ 17, இ 14" என்பதுபோல மூன்று எண். அடுத்த வருடம் அதே பாடத்துக்கு வரும்போது, புத்தகத்தைத் திறக்கும் முன்பே எந்த இடத்தில் எத்தனை பேர் சறுக்குவார்கள் என்று ஓரளவு தெரிந்திருக்கும்.

யாரும் எதிர்பாராத விடை ஒன்றை ஒரு பிள்ளை சொன்னால் அதையும் அதே ஓரத்தில் எழுதி, என்ன நினைத்துச் சொன்னது என்று கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்ட ஆப்ஷனின் இடத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தி வரும்.